காபித்தூள் பாக்கெட்டும் மலைச்சரிவும்

காற்றை உறிஞ்சி அடைத்த காபித்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். செங்கல் மாதிரி இருக்கும். மேசையில் தட்டினால் 'டொக்' என்று கேட்கும். மேலே ஏறி நின்றாலும் தாங்கும்போல் தோன்றும். ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். அவ்வளவுதான், செங்கல் பொலபொலவென்று தூளாகிவிடும்.

வெட்டுவதற்கு முன்பும் பின்பும் உள்ளே இருப்பது அதே தூள்தான். எடையும் மாறவில்லை. ஈரமும் ஏறவில்லை. முதலில் வெளிக்காற்று நாலு பக்கமும் அமுக்கியது, உள்ளே எதிர்த்து நிற்கக் காற்று இல்லை. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. ஒன்றை ஒன்று உரசாமல் நகர முடியாது என்பதால் முழுப் பாக்கெட்டுமே திடப்பொருளாக நடித்தது. வெட்டியதும் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகிவிட்டன. அமுக்கம் போனது, உராய்வும் போனது.

மலைச்சரிவு மழையில் சரிவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2009 நவம்பரில் நீலகிரியில் விடாமல் மழை கொட்டியது. 10ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் பதிவானது. குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பக்கங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'தண்ணீர் பட்டு மண் வழுக்கிவிட்டது' என்று ஒரு தரப்பு சொன்னது. 'மண் ஊறிக் கனமாகிவிட்டது, அதனால் இறங்கிவிட்டது' என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. அது என்ன என்பதைக் காகிதத்தில் ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டே காட்டிவிடலாம்.

முதலில் கோடு. அதைத் தந்தவர் கூலூம். பள்ளிப் பாடத்தில் மின்னூட்ட விதியோடு வரும் அதே பிரெஞ்சுக்காரர்தான். மின்சாரத்துக்கு வருவதற்கு முன் அவர் ராணுவப் பொறியாளர். மார்த்தினிக் தீவில் எட்டு ஆண்டுகள் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். கோட்டை என்றால் மண்ணைத் தாங்கும் சுவர். சுவர் எவ்வளவு தடிமன் இருந்தால் மண் தள்ளாமல் நிற்கும் என்பது அவருக்குச் சோற்றுப் பிரச்சினை. ஊர் திரும்பியபின் 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். 1776இல் அது அச்சானது.

மண் சரியும்போது ஏதோ ஒரு தளத்தின் வழியாக மேல்பகுதி கீழ்ப்பகுதியின்மேல் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, மண்ணின் சொந்தப் பிணைப்பு. மேலிருந்து யார் அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் அது இருக்கும். இன்னொன்று உராய்வு. அந்தத் தளத்தை எவ்வளவு அமுக்குகிறோமோ அந்த அளவுக்கு அது கூடும். இரண்டும் சேர்ந்ததுதான் மண்ணின் சறுக்கு வலிமை. பொறியாளர்கள் பேச்சில் 'ஷியர் ஸ்ட்ரெங்த்'. கிடையாக அழுத்தத்தையும், நெட்டுக்குத்தாக வலிமையையும் குறித்தால் சாய்வான நேர்கோடு கிடைக்கும். கோடு தொடங்கும் உயரம் பிணைப்பு, கோட்டின் சாய்வு உராய்வுக் கோணம். காய்ந்த ஆற்று மணலுக்குப் பிணைப்பு பூஜ்யம். அதனால்தான் லாரியிலிருந்து கொட்டிய மணல் எத்தனை முறை குவித்தாலும் முப்பது டிகிரி சொச்சத்தில் சரிந்து நிற்கிறது.

கூலூம் கோடு, ஒரு குறிப்பிட்ட தளம் தாங்குமா என்று கேட்டால் பதில் சொல்லும். ஆனால் மண்ணுக்குள் எந்தத் தளத்தைக் கேட்பது? ஒரு பிடி மண்ணுக்குள் எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் கத்தியை விட்டு ஒரு தளத்தைக் கற்பனை செய்யலாம். ஒவ்வொரு சாய்விலும் அமுக்கம் வேறு, சறுக்குவிசை வேறு. இதற்கு வழி சொன்னவர் ஓட்டோ மோர் என்ற ஜெர்மானியர். நம் வகுப்பறைகளில் இந்தப் பெயர் வந்ததும் 'நீர்மோரா சார்' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். ரயில்வேயில் பாலம் கட்டிவிட்டுப் பேராசிரியரானவர் அவர். 1882இல் அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டினார். பொருள்கள் எப்போது முறியும் என்பதற்கு அதையே 1900இல் பயன்படுத்தினார்.

வட்டத்தைப் புரிந்துகொள்ள மண் ஆய்வகத்துக்குள் போக வேண்டும். அங்கே 'டிரையாக்சியல்' என்ற கருவி இருக்கும். கனத்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உருளை, அதற்குள் நிமிர்ந்து நிற்கும் மண் மாதிரி. வழக்கமான அளவு 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரம். பெரிய மெழுகுவர்த்தித் துண்டு அளவு. அதற்கு மெல்லிய ரப்பர் உறை மாட்டி, மேலும் கீழும் ரப்பர் வளையத்தால் இறுக்கியிருப்பார்கள். உருளை முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அழுத்தம் கொடுத்தால் மண் நாலாபுறமும் அமுங்கும். நம் காபித்தூள் பாக்கெட்டேதான். பிறகு மேலிருந்து ஓர் உலோகத் தண்டு மெதுவாக இறங்கி, மண் உடையும்வரை அமுக்கும்.

நீலகிரியில் கிடைப்பது போன்ற செம்மண் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் அத்தகைய மண்ணுக்குப் பொருந்தக்கூடியவை. பக்கவாட்டு அழுத்தம் 100 கிலோ பாஸ்கல், அதாவது 10 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தம். மேலிருந்து வரும் அழுத்தம் 335ஐ எட்டியபோது மண் உடைந்தது என்று வைத்துக்கொள்வோம்.

கிடைக்கோட்டில் 100இல் ஒரு புள்ளி, 335இல் ஒரு புள்ளி. இரண்டையும் விட்டத்தின் முனைகளாக வைத்து ஒரு வட்டம். மோர் வட்டம் என்பது இவ்வளவுதான். அந்த வட்டத்தின்மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும் மண்ணுக்குள் ஒரு சாய்வான தளம். புள்ளியின் கிடை அளவு அந்தத் தளத்தின்மேல் உள்ள அமுக்கம், உயரம் அதன்மேல் உள்ள சறுக்குவிசை. ஆயிரம் தளங்களுக்கு ஆயிரம் கணக்குப் போட வேண்டியதை காம்பஸ் ஒரே சுழற்றில் முடித்துவிடுகிறது.

ஒரு மாதிரியோடு முடிவதில்லை. அதே மண்ணில் இன்னொன்றை எடுத்து 200 அழுத்தத்தில் சோதித்தால் அது 635 வரை தாங்குகிறது. 300 கொடுத்தால் 935. மூன்று வட்டங்களையும் ஒரே தாளில் போட்டால், மூன்றின் தலையையும் தொட்டுக்கொண்டு போகும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதுதான் கூலூம் சொன்ன கோடு. நம் மண்ணுக்கு அது 10 கிலோ பாஸ்கல் உயரத்தில் தொடங்கி 30 டிகிரி சாய்வில் ஏறுகிறது. கோட்டுக்குக் கீழே அடங்கியிருக்கும் வட்டம் எதுவானாலும் மண் நிற்கும். வட்டம் கோட்டைத் தொட்டால் மண் உடையும். கோட்டைத் தாண்டிய வட்டம் என்று ஒன்று கிடையாது, அதற்கு முன்பே மண் போய்ச் சேர்ந்திருக்கும்.

வட்டத்தின் உச்சியைப் பாருங்கள். சறுக்குவிசை அங்கேதான் மிக அதிகம், 117. மண்ணுக்குள் 45 டிகிரியில் சாய்ந்திருக்கும் தளம் அது. உடைந்தால் அங்கேதான் உடைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தளத்தின்மேல் அமுக்கமும் 217 இருக்கிறது, ஆகவே அது 135 வரை தாங்கும். 60 டிகிரியில் சாய்ந்த தளத்தில் சறுக்குவிசை குறைவு, 102தான். அமுக்கமோ 159ஆக இறங்கிவிட்டது. அதனால் அது தாங்கக்கூடியதும் சரியாக 102. முறிவது அங்கேதான். உடைந்த மாதிரியை உறையிலிருந்து உரித்து எடுத்தால், கெட்டியான மண்ணாக இருந்தால், சாய்வாக ஓடும் கீறல் கண்ணுக்கே தெரியும். கோணமானியை வைத்தால் அறுபதை ஒட்டி வரும். விசை அதிகமுள்ள இடத்தில் மண் தோற்பதில்லை, விசைக்கும் பிடிப்புக்கும் உள்ள இடைவெளி முதலில் தீரும் இடத்தில் தோற்கிறது. காகிதத்தில் வட்டத்தைக் கோடு தொடும் இடம் உச்சியில் இல்லாமல் சற்று இடப்பக்கம் விழுவதற்கு அர்த்தம் இதுதான்.

இனி தண்ணீர். துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் நிறைந்து அதற்கு அழுத்தமும் ஏறினால், அது துகள்களை உள்ளிருந்து விலக்கப் பார்க்கும். வெளியிலிருந்து வரும் அமுக்கத்தில் ஒரு பங்கைத் தண்ணீரே வாங்கிக்கொள்ளும், மிச்சம்தான் துகள்களுக்கு. உராய்வு அந்த மிச்சத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். தண்ணீருக்கு உராய்வு தெரியாது. 1920களில் கார்ல் டெர்சாகி இதைத் தெளிவாகச் சொன்ன பிறகுதான் மண் இயக்கவியல் என்ற துறையே உருப்படியானது. கூலூமின் சூத்திரத்தில் அவருக்குப் பின் ஒரு கழித்தல் சேர்ந்தது:

τ = c + (σ − u) tan φ

u என்பது துளைநீரின் அழுத்தம். வட்டத்துக்கு இதனால் என்ன ஆகிறது? மேலழுத்தம், பக்க அழுத்தம் இரண்டிலிருந்தும் அதே u கழிகிறது. ஆகவே வட்டம் சிறுக்காது, பெருக்காது. அப்படியே இடப்பக்கம் நகரும். இடப்பக்கம் கோடு தாழ்ந்து கிடக்கிறது. நகர்ந்து நகர்ந்து ஒரு கட்டத்தில் வட்டத்தின் தோள் கோட்டில் இடிக்கும். பாரம் ஒரு கிலோகூட ஏறாமல், கோடும் அசையாமல், மண் முறியும்.

இதே செம்மண் 35 டிகிரி சரிவில், பாறைமேல் 3 மீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 1.8 டன் எடை. பாறையை ஒட்டிய தளத்தில் மண்ணின் எடையால் வரும் அமுக்கம் 36 கிலோ பாஸ்கல், சறுக்குவிசை 25. தண்ணீர் இல்லாதபோது தாங்கும் வலிமை 31. ஆக, தேவைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு. சரிவு ஆண்டுக்கணக்கில் நிற்கும். மேலே தேயிலை நடுவார்கள், வீடும் கட்டுவார்கள்.

மழை தொடர்ந்து பெய்கிறது. நீர் இறங்கிப் பாறையில் முட்டி, மேலே ஏறத் தொடங்குகிறது. பாறையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு, அதாவது மண்ணின் பாதிக் கனத்துக்கு, நீர்மட்டம் ஏறும்போது துளைநீர் அழுத்தம் 10ஐ நெருங்குகிறது. துகள்களுக்கு மிஞ்சும் அமுக்கம் 26. வலிமை 25. கையிருப்பு காலி. மேற்பரப்பில் சேறுகூட இல்லாமல், நடந்தால் கால் புதையாமல் இருக்கும்போதே சரிவு கிளம்பிவிடும்.

'மண் கனத்துவிட்டது' என்ற விளக்கத்தையும் இதே கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். பாதிக் கனம் நீரில் ஊறியதால் எடை கூடுவது உண்மை. அந்த எடை சறுக்குவிசையை 1.4 கூட்டும். ஆனால் அதே எடை அமுக்கத்தையும் கூட்டுவதால் வலிமையும் 1.2 ஏறும். நிகர நஷ்டம் கால் கிலோ பாஸ்கலுக்குள். துளைநீர் அழுத்தம் தின்றதோ ஐந்தரைக்கு மேல். கனம் கூடியது பேச்சுக்கு எடுபடும், கணக்குக்கு எடுபடாது. வழுக்கல் கதையும் அப்படித்தான். துகளுக்குத் துகள் உள்ள உராய்வுக் கோணம் நனைந்ததால் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, அவற்றை இறுக்கிவைத்திருந்த அமுக்கம்.

மெரினாவில் மணல் கோபுரம் கட்டிய பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் தெரியும். காய்ந்த மணலில் கோபுரம் நிற்காது. அலை மேலே ஏறிவிட்டாலும் நிற்காது. அரைகுறை ஈரத்தில்தான் நிற்கும். அப்போது துகள்களுக்கு நடுவே உள்ள கொஞ்ச நீர் அவற்றை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. u இங்கே எதிர்மறை, வட்டம் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. மலைச் சாலைக்காக வெட்டிய மண் கோடையில் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்பதற்கு இந்த இழுவை பெரிய காரணம். ஒப்பந்தக்காரர் அதைக் காட்டி, 'பாருங்க சார், பாறை மாதிரி நிக்குது' என்பார். முதல் அடைமழைவரை அவர் சொல்வது சரி.

பிணைப்பு விஷயத்தில் எனக்கு ஒரு தீராத சந்தேகம் உண்டு. நம் கணக்கில் அந்த 10 கிலோ பாஸ்கலை எடுத்துவிட்டுப் பாருங்கள். மழையே இல்லாமல் வலிமை 21தான், சறுக்குவிசை 25. சரிவு இன்றைக்கே நிற்கக்கூடாது. அதாவது முழு மலைச்சரிவும் அந்தச் சின்ன எண்ணின்மேல் நின்றுகொண்டிருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது? 100, 200, 300 அழுத்தங்களில் சோதித்து, கோட்டை அளவுகோலால் இடப்பக்கம் நீட்டியதில் வந்தது. ஆனால் நம் சரிவில் உள்ள அமுக்கம் 36. அந்த இடத்தில் யாரும் சோதிக்கவே இல்லை. உண்மையில் மண்ணின் முறிவுக்கோடு நேர்கோடும் இல்லை. குறைந்த அழுத்தத்தில் அது மெல்ல வளைந்து கீழே இறங்கும். நேராக நீட்டியவருக்கு 10 கிடைக்கும், வளைவைப் பின்தொடர்ந்தவருக்கு 3 கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். ஆழமில்லாத சரிவுக்கான மண் என்றால் 25, 50 போன்ற சிறிய அழுத்தங்களிலும் ஒரு மாதிரியைச் சோதித்துத் தரச் சொல்ல வேண்டும். கூடுதல் செலவு ஒரு சோதனைக்கு உண்டானதுதான்.

சோதனையில் வேறு தவறுகளும் நடக்கும். ஒருமுறை ஓர் ஆய்வகத்தில் சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது, திரையில் துளைநீர் அழுத்தம் மெல்ல ஏறி, வெளியே கொடுத்த அழுத்தத்துக்குச் சமமாக வந்து நின்றது. பக்கத்தில் இருந்த பழைய டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "உறை ஓட்டைங்க சார், நிறுத்திருங்க" என்றார். ரப்பரில் ஊசிமுனை அளவு துளை. வெளித்தண்ணீர் உள்ளே போனதும் காபி பாக்கெட்டை வெட்டிய கதைதான். அன்று அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் அறிக்கையில் ஏதோ ஒரு எண் ஏறியிருக்கும்.

இதைவிட அடிக்கடி நடப்பது வடிகாலைப் பற்றிய குழப்பம். நீரில் முழுக்க ஊறிய களிமண்ணை, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மூடிவைத்து வேகமாக அமுக்கினால், 100 கொடுத்தாலும் 300 கொடுத்தாலும் வட்டம் ஒரே அளவில்தான் வரும். கூடுதலாகக் கொடுத்த அழுத்தம் முழுவதையும் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது, துகளுக்கு ஒன்றும் போவதில்லை. தொடுகோடு படுத்துக்கிடக்கும், உராய்வுக் கோணம் பூஜ்யம் என்று தோன்றும். அந்தக் களிமண்ணுக்கு உராய்வே இல்லை என்று அர்த்தம் கொள்ளக்கூடாது. சட்டென்று பாரம் ஏற்றினால் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அது பதில். மெதுவாகச் செய்து, நீர் அழுத்தத்தையும் அளந்து கழித்தால் அதே களிமண் இருபது டிகிரிக்கு மேல் காட்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2720இல் முதல் வகைக்குப் பகுதி 11, நீர் அழுத்தம் அளக்கும் வகைக்குப் பகுதி 12 என்று தனித்தனியே இருக்கின்றன. உங்கள் மனைக்கு வந்த மண் அறிக்கையில் பிணைப்பும் கோணமும் மட்டும் இருந்து, எந்தப் பகுதிப்படி சோதித்தார்கள் என்பது இல்லை என்றால், அந்த எண்களை நம்பி அஸ்திவாரம் போட வேண்டாம். கேட்டு வாங்குங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு வட்டம் நகர்வது முன்கூட்டியே கொஞ்சம் தெரியும். இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று கலங்கி வருவது, வேலிக் கம்பங்கள் சாய்வது, சரிவின் மேல்தலையில் பிறை வடிவில் விரிசல் விழுவது எல்லாம் அதன் தடயங்கள். விரிசலைத் தார்ப்பாய் போட்டு மூடி, மழைநீரை அதற்குள் போகாமல் வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். அதற்கு முன், கீழே குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையக மாவட்டங்களுக்கு மழையளவை வைத்தே எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறு. தோட்டத்துக்குத் தோட்டம் துளைநீர் அழுத்தத்தை அளக்கக் கருவி புதைப்பது நடக்காத காரியம், மழைமானி வைப்பது நடக்கும்.

மலையில் இல்லாதவர்களும் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, கூலூம் தொடங்கிய அதே இடம்: மண்ணைத் தாங்கும் சுவர். நம் செம்மண்ணின் பிணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 3 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் காய்ந்த மண் 2.7 டன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கி மேல்வரை நின்றுவிட்டால் அது ஏறக்குறைய 6 டன் ஆகும். அதற்காகத்தான் சுவரில் வரிசையாகச் சிறு குழாய்களை விட்டிருப்பார்கள். கரப்பான் வருகிறது, சுவர் அழுக்காகிறது என்று அவற்றை சிமெண்ட் வைத்து அடைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த பெருமழையின்போது ஒரு குடையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் சுவரைப் பாருங்கள். குழாய்களில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தால் நல்லது. ஒன்றுகூட வடியாமல் சுவர் மட்டும் நனைந்து நின்றால், அதன் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மழை விட்டதும் முதல் வேலையாகக் குழாய்களைக் குத்தித் திறக்க ஆள் கூப்பிடுங்கள்.